நேற்று வரை கூட நின்றவரை இன்று திருத்துவது: புது ஷிப்ட் லீடருக்கு முன்னால் நான்கு வழிகள்

பொறுப்பு கிடைத்த மூன்றாம் நாள், காலை பத்து மணி. பேக்கிங் லைனில் மெட்டல் டிடெக்டரைச் சோதிக்கும் நேரம். ஆபரேட்டர் மூன்று டெஸ்ட் பீஸ்களையும் ஒரே பாக்கெட்டின் மேல் கொத்தாக வைத்து பெல்ட்டில் அனுப்புகிறார். மெஷின் கத்துகிறது, பாக்கெட் ரிஜெக்ட் தொட்டியில் விழுகிறது, ரிஜிஸ்டரில் மூன்று டிக் ஏறுகிறது. எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. புது ஷிப்ட் லீடர் நாலடி தள்ளி நின்று இதைப் பார்க்கிறான். அந்த ஆபரேட்டர் அவனைவிட ஒன்பது வயது மூத்தவர். இந்த மெஷினை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். ஷிப்ட் லீடர் பொறுப்புக்கு அவரும் பெயர் கொடுத்திருந்தார். போன வாரம் வரை இவனும் மூன்றையும் கொத்தாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தான்.

அவன் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. நேராக என்னிடம் வந்து, "சார், இதை நான் எப்படிச் சொல்றது?" என்று கேட்டான்.

ஷிப்ட் லீடர்களைத் தயார் செய்யும் வேலையில் இருக்கிற எவரும் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருப்போம். பெரும்பாலும் நாம் "பக்குவமா சொல்லுப்பா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்தப் பதிலால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. எங்கே நின்று சொல்வது, எப்போது சொல்வது, எத்தனை வாக்கியம், யார் முன்னால் என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அவன் முன் இருந்த வழிகள் நான்கு. மறுநாள் ஷிப்ட் தொடக்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லலாம். ஷிப்ட் முடிந்த பிறகு அவரைத் தனியாக அழைத்துப் பேசலாம். என்னையே சொல்லச் சொல்லலாம். இல்லை, உடனே திரும்பிப் போய் மெஷின் பக்கத்திலேயே சொல்லலாம்.

வழிகளை எடைபோடும் முன், செய்த தவறு என்ன என்று பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் எந்த வழி சரி என்பது தவறின் தன்மையைப் பொறுத்தது.

அந்த மூன்று டெஸ்ட் பீஸ்களில் ஒன்று இரும்பு, ஒன்று பித்தளை போன்ற இரும்பல்லாத உலோகம், ஒன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். டிடெக்டருக்கு இரும்பைப் பிடிப்பது சுலபம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பிடிப்பதுதான் கடினம். மூன்றையும் சேர்த்து அனுப்பினால் இரும்புக்கே மெஷின் கத்திவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அது பார்த்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஒவ்வொன்றையும் தனித்தனி பாக்கெட்டில், டிடெக்டர் வாயின் நடுப்பகுதி வழியாகப் போகும்படி அனுப்பச் சொல்கிறோம். நடுவில்தான் அதன் கூர்மை குறைவு. அங்கே பிடித்தால் ஓரத்திலும் பிடிக்கும்.

அந்த லைன் நிமிடத்துக்கு 40 பாக்கெட் ஓடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 2,400. ஒரு சோதனை தோற்றால், கடைசியாக ஒழுங்காக நடந்த சோதனைக்குப் பிறகு வந்த அத்தனை பாக்கெட்டையும் நிறுத்திவைத்து மறுபடி ஓட்ட வேண்டும். மணிக்கு மணி சரியாகச் சோதித்திருந்தால் அது 2,400 பாக்கெட்டோடு முடியும். எட்டு மணி நேர ஷிப்ட் முழுக்கக் கொத்துச் சோதனை நடந்திருந்தால் 19,200 பாக்கெட் சந்தேகத்தில் நிற்கும். ஆக, இது வேண்டுமென்றே செய்த ஏமாற்று வேலை இல்லை, பழகிப்போன குறுக்குவழி. ஆனால் அடுத்த மணி அடிக்கும் முன் நிறுத்த வேண்டிய குறுக்குவழி.

கூட்டத்தில் பொதுவாகச் சொல்வது

அவன் மனதில் முதலில் இருந்தது இதுதான். "நாளைக்குக் காலையில எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிடறேன் சார், யார் பேரும் சொல்ல வேணாம்." புதிதாகப் பொறுப்புக்கு வருகிற கிட்டத்தட்ட எல்லோரும் இதைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியதில்லை, யாருடைய பெயரும் கெடாது என்று தோன்றுகிறது.

நானும் சில வருடங்களுக்கு முன் வேறொரு ஷிப்ட் லீடருக்கு இந்த வழியைத்தான் சொல்லிக் கொடுத்தேன். "சிலர் சோதனையைச் சரியாகச் செய்வதில்லை" என்று அவள் கூட்டத்தில் சொன்னாள். பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். சரியாகச் செய்துகொண்டிருந்த ஒன்பது பேர், தங்களைத்தான் சொல்கிறாளோ என்று எரிச்சலடைந்தார்கள். தவறு செய்த மூவரில் இரண்டு பேர் அது தங்களுக்கில்லை என்று விட்டுவிட்டார்கள். மூன்றாமவருக்குப் புரிந்தது. அவர்தான் அவளுக்கு நெருங்கிய தோழி. "எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே, பன்னிரண்டு பேர் முன்னால ஏன்?" என்று அவர் கேட்டது அவளுக்குப் பதில் சொல்ல முடியாத கேள்வி. தோழிகள் இருவரும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அந்த யோசனையைக் கொடுத்தவன் நான் என்பது இன்றும் எனக்கு உறுத்தல்.

கூட்டத்துக்கு ஒரு சரியான பயன் உண்டு. முறை மாறும்போது, அல்லது எல்லோருமே ஒரே மாதிரி தவறாகப் பழகியிருக்கும்போது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புது முறையைக் காட்ட அது நல்ல இடம். ஒரு ஆளைத் திருத்த அது இடமில்லை. குறிப்பாக, "சிலர்" என்ற சொல்லை முன்னாள் சக ஊழியர்களிடம் பயன்படுத்தவே கூடாது. அவர்களுக்கு அந்தச் சிலர் யார் யார் என்று தெரியும். நேற்று வரை நீயும் அந்தச் சிலரில் ஒருவன் என்பதும் தெரியும்.

ஷிப்ட் முடிந்து தனியாகப் பேசுவது

மனிதர்களைத் தனியாகக் கூப்பிட்டுத் திருத்த வேண்டும் என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. பொதுவாக நல்ல அறிவுரைதான். இந்த இடத்தில் எனக்கு அதில் இரண்டு தயக்கங்கள்.

முதலாவது நேரம். ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது. அதற்குள் பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று நான்கு சோதனைகள் அதே கொத்தாக நடக்கும். அத்தனையையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு ஷிப்ட் முடிந்ததும் பேசினால், "அப்போ காலையிலேயே பாத்துட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தியா?" என்றுதான் அவருக்குத் தோன்றும். நியாயமான கேள்வி.

இரண்டாவது, கனம். பொறுப்பேற்ற மூன்றாம் நாளில் "அண்ணே, ரெண்டு நிமிஷம் ரூமுக்கு வாங்க" என்பது அரை நிமிட விஷயத்தைப் பெரிய விசாரணையாக்கிவிடும். அறைக்குள் போகும்போதே அவர் பாதி கோபத்தில் இருப்பார். வெளியே நிற்பவர்கள் என்ன நடந்தது என்று கேட்பார்கள். மெஷின் பக்கத்தில் இரண்டு வாக்கியத்தில் முடிந்திருக்க வேண்டியது அன்றைய பேச்சாகிவிடும்.

தனிப்பேச்சை இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒருமுறை சொல்லிக்கொடுத்த பிறகும் அதே தவறு தொடர்ந்தால் அது தெரியாமல் நடப்பதில்லை. அப்போது காரணத்தைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு அமைதியான இடம் வேண்டும்.

மேலதிகாரியைச் சொல்லச் சொல்வது

இதை ஒரே வரியில் முடித்துவிடலாம். நான் போய்ச் சொல்லியிருந்தால் அன்றே சோதனை சரியாகியிருக்கும், அன்றோடு அவன் ஷிப்ட் லீடராக இருப்பதும் முடிந்திருக்கும். அவன் போட்டுக்கொடுத்தான் என்று பெயராகும். அடுத்த தடவை அவன் ஏதாவது சொன்னால், சொல்ல வேண்டியவர் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள்.

விதிவிலக்கு உண்டு. சோதிக்காமலேயே ரிஜிஸ்டரில் டிக் போட்டிருந்தாலோ, பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு மெஷினை ஓட்டியிருந்தாலோ அது திருத்தும் விஷயம் இல்லை, நடவடிக்கை விஷயம். அதைப் புது ஷிப்ட் லீடர் தலையில் கட்டக் கூடாது. மெஷினை நிறுத்துவதும் எனக்குச் சொல்வதும் மட்டும்தான் அவன் வேலை. இந்த எல்லையை முதல் நாளே அவனுக்கும் குழுவுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டால், பின்னால் அவன் மேலே சொல்ல நேரும்போது அது காட்டிக்கொடுத்ததாகத் தெரியாது.

மெஷின் பக்கத்திலேயே, உடனே

நான் அவனுக்குச் சொன்னது இந்த வழி. ஆனால் அப்படியே அனுப்பவில்லை. மணி பத்தேகால் ஆகியிருந்தது. ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, "என்னை அவரா நினைச்சுக்கோ, சொல்லு பாக்கலாம்" என்றேன்.

முதல் தடவை ஒன்றரை நிமிடம் பேசினான். "அண்ணே தப்பா எடுத்துக்காதீங்க, நீங்கதான் எனக்கு எல்லாம் கத்துக்கொடுத்தது, உங்க அளவுக்கு இந்த மெஷின் யாருக்கும் தெரியாது, ஆனா ஒரு சின்ன விஷயம்..." என்று போய்க்கொண்டே இருந்தது. ஒன்றரை நிமிடப் பாராட்டுக்கு நடுவில் ஒரு வரிக் குறை. கேட்பவருக்கு அந்தப் பாராட்டு முழுவதும் பொய்யாகிவிடும். "தப்பா எடுத்துக்காதீங்க" என்று தொடங்கினாலே, தப்பாக எடுத்துக்கொள்ள ஏதோ வருகிறது என்று மனது தயாராகிவிடுகிறது.

ஆவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்சலோ டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-ல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. குறைநிறை சொல்வதால் வேலை எப்படி மாறுகிறது என்று 600-க்கும் மேற்பட்ட அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாக வேலை முன்னேறியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில், சொன்ன பிறகு வேலை இன்னும் மோசமாகியிருந்தது. அதற்கு அவர்கள் தந்த விளக்கம், கேட்பவரின் கவனம் வேலையை விட்டுத் தன்னைப் பற்றியதாகத் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது. நம் ஷிப்ட் லீடர் பேசிய ஒன்றரை நிமிடத்தில் வேலையைப் பற்றி இருந்தது ஒரு வரி. மீதி எல்லாம் அவர் யார், இவன் யார் என்பதைப் பற்றி. திட்டுவதால் மட்டுமல்ல, புகழ்வதாலும் பேச்சு ஆளின் மேல் திரும்பிவிடும்.

வெட்டி வெட்டிக் கடைசியில் நான்கு வாக்கியம் மிஞ்சியது:

"அண்ணே, இப்ப பத்து மணி டெஸ்ட்ல மூணு பீஸும் ஒண்ணா போச்சு. இரும்புக்கே கத்திடறதால எஸ்.எஸ். பிடிக்குதான்னு நமக்குத் தெரியல. தனித்தனியா, நடுவுல வெச்சு இப்பவே ஒருதடவை ஓட்டிப் பாத்துடலாம். நான் பக்கத்துல நிக்கறேன்."

கவனித்தால், இதில் "நீங்க" என்ற சொல்லே இல்லை. பார்த்தது என்ன, அதனால் என்ன ஆகிறது, இப்போது என்ன செய்யலாம், அவ்வளவுதான். "எப்பவும் இப்படித்தான்" என்று பழையதை இழுக்கவில்லை. கடைசியில் "சரிதானே?" என்று கெஞ்சலும் இல்லை. கெஞ்சினால், மறுக்கவும் இடம் இருக்கிறது என்று ஆகிவிடும். ரிஜெக்ட் தொட்டி சத்தத்தில் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத அளவில், முகத்துக்கு முகம் சொன்னால் போதும். அந்த நேரத்தில் பக்கத்தில் வேறு யாராவது நின்றிருந்தால், அவர் நகரும் வரை ஒரு நிமிடம் பொறுக்கலாம். அடுத்த மணி வரை பொறுக்கக் கூடாது.

"இப்பவே ஓட்டிப் பாத்துடலாம்" என்பது வெறும் நயமான பேச்சில்லை. பத்தரை மணிக்குத் தனித்தனியாக ஓட்டி மூன்றும் விழுந்துவிட்டால், டிடெக்டர் சரியாக இருக்கிறது, அதுவரை போன பாக்கெட்டுகளுக்கும் கவலையில்லை. விழாவிட்டால் அங்கேயே நிறுத்தலாம். எப்படியானாலும் பேச்சு அவரைச் சுற்றி நிற்காமல் மெஷினுக்குப் போய்விடுகிறது. இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று மெஷினைப் பார்க்கிறார்கள்.

"நீயும்தானே அப்படிச் செஞ்ச?"

அவனுக்கு உண்மையான பயம் இந்த ஒரு கேள்விதான். வேறு ஆலையிலிருந்து வந்த ஷிப்ட் லீடருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கூட நின்று அதே குறுக்குவழியைச் செய்தவனுக்கு மட்டுமே உண்டு. மனத்தாங்கல் பெரும்பாலும் திருத்தியதால் வருவதில்லை. "இவன் நம்மாள் இல்லை, அந்தப் பக்கம் போயிட்டான், பழசை மறந்துட்டான்" என்று தோன்றும்போதுதான் வருகிறது.

இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். "அது அப்போ, இப்போ வேற" என்பது அவரை வெளியே தள்ளும். பேசாமல் நகர்ந்துவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும், சோதனையும் மாறாது. மூன்றாவது, இருப்பதை இருப்பதாக ஒப்புக்கொள்வது. "ஆமாண்ணே, நானும் அப்படித்தான் போட்டேன். எதுக்குத் தனித்தனின்னு இந்தப் பொறுப்புக்கான பயிற்சியிலதான் எனக்கே தெரிஞ்சது. இனிமே நானும் அப்படிப் போட மாட்டேன்." இதில் மன்னிப்பு கேட்கவும் இல்லை, நியாயம் பேசவும் இல்லை. உண்மை மட்டும். அதற்கு மேல் அந்தக் கேள்வியில் வாதாட ஒன்றும் மிச்சமில்லை.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்றும் கேட்டான். போன வாரம் அண்ணே என்றால் இந்த வாரமும் அண்ணேதான். திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திமிர் என்பார்கள். சார் போட்டால் கிண்டல் போலத் தெரியும். சம வயதுக்காரர்களிடம் "டா" போட்டுப் பேசிக்கொண்டிருந்தால், டீ குடிக்கும்போது அது இருக்கட்டும். வேலையைச் சொல்லும்போது மட்டும் "டா" இல்லாமல் சொல்லப் பழகிக்கொள்ளச் சொன்னேன். இரண்டு வாரத்தில் அது தானாகப் பழகிவிடும்.

செய்து காட்டுவதும் பின்னால் போய்ப் பார்ப்பதும்

சொல்வதோடு முடிந்துவிட்டதாக நினைப்பது அடுத்த தவறு. 1940-ல் அமெரிக்காவில், போர்க்காலத் தொழிற்சாலைகளுக்குப் புதிய மேற்பார்வையாளர்களைத் தயார் செய்ய ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினார்கள். அதில் வேலை சொல்லிக் கொடுக்க நான்கு படிகள் வைத்திருந்தார்கள்: ஆளைத் தயார் செய்வது, வேலையைச் செய்து காட்டுவது, அவரையே செய்ய வைப்பது, பிறகு போய்ப் பார்ப்பது. போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய் அங்கே வேரூன்றிய இந்த முறையில், எனக்குப் பிடித்தது மூன்றாவது படி. செய்யும்போது ஒவ்வொரு படியிலும் எதற்காக என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். மூத்த ஆபரேட்டரிடம் அதை அப்படியே செய்தால் பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதிலாக அவன் ஒரு கேள்வி கேட்டான்: "தனித்தனியா போடறதுல எங்கண்ணே நேரம் இழுக்குது?" அதில்தான் விஷயம் வெளியே வந்தது. மூன்று டெஸ்ட் பீஸும் ஒரே வளையத்தில் கோர்த்துத் தொங்கின. ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட வேண்டும். கையுறையோடு அது முடியாது, கையுறையைக் கழற்ற வேண்டும். மணிக்கு ஒருமுறை இதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது.

மறுநாள் மூன்றுக்கும் தனித்தனிக் கொக்கி மாட்டப்பட்டது. திருத்தப் போனவன் ஒரு தொல்லையை எடுத்துவிட்டு வந்தான் என்று ஆனதும் அவர் முகம் மாறியதை நானே பார்த்தேன். எல்லாத் தவறுக்குப் பின்னாலும் இப்படி ஒரு வளையம் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூத்தவர்கள் குறுக்குவழி எடுக்கிற இடத்தில் தேடிப் பார்ப்பது வீண் போவதில்லை.

பின்னால் போய்ப் பார்ப்பதற்கும் அளவு உண்டு. அன்று பதினொரு மணிச் சோதனையில் நிற்க வேண்டும். மறுநாள் ஒன்று. அந்த வாரக் கடைசியில் ஒன்று. மணிக்கு மணி போய் நின்றால் காவல் காப்பது போல ஆகும். அவரிடம் மட்டும் போய் நின்றாலும் தவறு. மற்ற ஆபரேட்டர்களின் சோதனைகளையும் அதே வாரத்தில் பார்த்திருக்க வேண்டும். நெருங்கிய நண்பனின் லைனை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் பார்த்தால், அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகாது.

இவை பலிக்க, நாம் செய்திருக்க வேண்டியது

இந்த வழி சரியாகப் போனதற்கு ஒரு பங்கு அதற்கு முந்தைய வாரத்தில் நடந்தது. பொறுப்பு யாருக்கு என்று அறிவிப்பதற்கு ஒரு நாள் முன்பே, பெயர் கொடுத்துக் கிடைக்காதவரிடம் நான் உட்கார்ந்து பேசினேன். ஏன் கிடைக்கவில்லை என்பதைக் காரணத்தோடு சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். கோபமாகவும் இரண்டு வார்த்தை சொன்னார். ஆனால் அந்த வருத்தம் என் முடிவின் மேல் இருந்தது, அந்தப் பையன் மேல் இல்லை. நாம் சொல்லாமல் விட்டால், அந்தக் கணக்கை முதல் திருத்தத்தின்போது ஷிப்ட் லீடர் தீர்க்க வேண்டியிருக்கும். அவன் டெஸ்ட் பீஸ் பற்றிப் பேசுவான், அவர் காதில் "நான்தான் ஜெயிச்சேன்" என்று விழும்.

ஆரம்ப வாரங்களுக்கு அவனை வேறு ஷிப்டுக்கு மாற்றிவிடலாமே என்று சிலர் சொல்வதுண்டு. மாற்ற வசதி இருந்து, குழுவில் ஏற்கெனவே சண்டை இருந்தால் மாற்றலாம். மற்றபடி அது தள்ளிப்போடுவதுதான். திரும்பி வரும்போது அதே முகங்கள், அதே குறுக்குவழி.

மனத்தாங்கல் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? வாதாடினால் கவலைப்பட வேண்டியதில்லை, வாதாடுகிறவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். தம்பி என்று கூப்பிட்டவர் "சொல்லுங்க சார்" என்று மாறும்போதும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்போதும், மெஷினில் கோளாறு தெரிந்தும் சொல்லாமல் அடுத்த ஷிப்டுக்கு விட்டுவிட்டுப் போகும்போதும்தான் பயப்பட வேண்டும். அப்போது ஒரு தனிப்பேச்சு தேவை. அதில் ஷிப்ட் லீடர் பேசக் கூடாது, கேட்க வேண்டும். "அன்னைக்கு நான் சொன்ன விதத்துல ஏதாவது உறுத்துச்சா அண்ணே?" என்ற ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டு, பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

இங்கே அது தேவைப்படவில்லை. முதல் ஐந்தாறு நாள் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டது உண்மை. சோதனை மட்டும் தனித்தனியாக நடந்தது. இரண்டாவது வாரம் ஒருநாள் நான் லைன் ஓரம் நின்றிருந்தபோது, பெல்ட்டின் அந்தப் பக்கமிருந்து அவர் குரல் கேட்டது. "தம்பி, இங்க வா. ரிஜெக்ட் பாக்கெட்டைத் தள்ற கை மெதுவா அடிக்குது. எஸ்.எஸ். போட்டப்ப கத்துச்சு, ஆனா பாக்கெட் விழாம ஓரத்துல நின்னுடுச்சு பாரு."